கிழக்குப் பால்கனித் தொட்டிகளில் நீர் வடியவில்லை, உதவுங்கள்

படத்தில் இருப்பது சென்னையில் எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனி. கிழக்கு பார்த்தது, வெயில் காலை 7 மணி முதல் 10.30 வரைதான்.

தொட்டிகளை வெறுந்தரையில் வைத்ததால் அடித்துளைகள் அடைபட்டுவிட்டன. மேல்மண் காய்ந்திருந்தாலும் விரலை ஆழமாக விட்டால் சேறு. தக்காளியின் கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. துளைகளைக் குத்திவிட்டு அடியில் தட்டு வைத்தேன். ஒரே வாரத்தில் கொசுப்புழு! தட்டை எடுத்தால் கீழ்வீட்டுத் துணிகளில் செம்மண் நீர். அவர்கள் கோபம் நியாயமானதுதான்.

தொட்டிகளைச் செங்கல்மேல் உயர்த்தி, செம்மண், தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து மாற்றி நட நினைக்கிறேன். வடியும் நீரை இடது மூலையில் தெரியும் வடிகுழாய்க்கு எப்படித் திருப்புவது? மூன்றரை மணி நேர வெயிலில் தக்காளி காய்க்குமா, அல்லது புதினா, கீரையோடு நிறுத்திக்கொள்ளவா?