90 டிகிரியிலும் இருட்டாகாத போலராய்டு

இருட்டறைவாசி:
மாலஸ் விதி செய்முறையில் நான் பட்ட பாடு இது. ஒரு இழை பல்பு, ரெண்டு போலராய்டு, கடைசியில் ஃபோட்டோடையோடும் மைக்ரோஅம்மீட்டரும். ரெண்டு போலராய்டும் ஒரே திசையில் இருக்கும்போது மீட்டர் 200 காட்டியது. இரண்டாவதை 45 டிகிரி திருப்பினேன். பாதியாகி 100 வரணும், வந்தது 130. 60 டிகிரியில் கால்வாசி, அதாவது 50 வரணும், வந்தது 95. 90-ல் பூஜ்யத்துக்குப் பதிலா 60! கண்ணை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட இருட்டுதான், பல்பின் இழை மட்டும் கருநீலமா லேசா தெரியுது. என் கண்ணுக்கு இல்லாத வெளிச்சம் மீட்டருக்கு எங்கிருந்து வந்தது? நோட்டில் "கருவிப் பிழை" என்று எழுத மனசு வரலை.

சுழல்தட்டு:
அட, வர்க்கத்தை விட்டுட்டுப் பாருங்க. cos 45 என்பது 0.707. 200-ஐ அதால பெருக்கினா 141. cos 60 என்பது 0.5, அப்போ 100. உங்க ரீடிங் ரெண்டும் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு. 90-ல் வர்ற 60 அறை வெளிச்சமா இருக்கும். எனக்கு ஒருமுறை ஜன்னல் இடுக்கு வழியா அப்படித்தான் வந்தது.

பழைய வாத்தியார்:
சுழல்தட்டு தம்பி, அறை வெளிச்சத்தைச் சந்தேகப்பட்டது சரி. வர்க்கத்தைக் கழற்றியது சரியில்லை. இரண்டாவது போலராய்டு தன் அச்சின் திசையில் இருக்கும் மின்புலத்தை மட்டும் விடும், cos அங்கேதான் வருது. டையோடுக்குப் புலம் தெரியாது, ஆற்றல்தான் தெரியும். அது புலத்தின் வர்க்கம், அதனால்தான் I = I₀ cos²θ.
இப்போ எல்லா ரீடிங்கிலும் 60-ஐக் கழிச்சுப் பாருங்க. 200 போய் 140, 130 போய் 70, 95 போய் 35. பாதியும் கால்வாசியும் அச்சு அசலா வந்துடுச்சு! விதி ஒழுங்காத்தான் வேலை செய்யுது, ஒரு 60 மேடை மேல ஏறி நின்னுக்கிட்டு. எவ்வளவு திருப்பினாலும் மாறாத அந்த 60 எது என்பதுதான் கேள்வி. பல்பை அணைச்சுட்டு மீட்டரைப் பாருங்க.

இருட்டறைவாசி:
அணைச்சா 4 தான் சார் காட்டுது. அப்போ மீதி 56 பல்பிலிருந்தே வருது!

பழைய வாத்தியார்:
அகச்சிவப்பு. இழை பல்பு உமிழ்வதில் பெரும்பங்கு அதுதான். சிலிக்கான் டையோடு சுமார் 1100 நானோமீட்டர் வரை பார்க்கும், நம்ம கண் பார்க்காது. சாதாரண போலராய்டு தாள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் செய்தது. அகச்சிவப்பில் அது கிட்டத்தட்ட வெறும் கண்ணாடித்தாள் மாதிரி, எப்படித் திருப்பினாலும் உள்ளே விட்டுடும். வெள்ளை எல்இடி வைத்து மறுபடி எடுங்க.
இன்னொன்று. உச்ச ரீடிங்கைத் தேடி அங்கே 0 குறிக்காதீங்க. உச்சத்தில் 5 டிகிரி தவறினாலும் செறிவு 1 சதவீதம்கூடக் குறையாது, முள் அசையவே அசையாது. ரெண்டு பக்கமும் பாதி அளவில் ஒரே ரீடிங் வரும் இடங்களைக் குறிச்சு நடுவை எடுங்க. அங்கே 1 டிகிரி தப்பினாலே மீட்டர் சொல்லிடும்.

ஷட்டர்மணி:
நானும் ஒன்று கேட்டுக்கறேன். கேமராவுக்கு வாங்கிய போலரைசர் ரெண்டை அடுக்கித் திருப்பினேன், இருளவே இல்லை. போலி சரக்கா?

பழைய வாத்தியார்:
போலி இல்லைங்க. அது வட்டத் தளவிளைவு ஃபில்டர், முன்பக்கம் போலராய்டு, பின்பக்கம் கால் அலைத் தகடு. முதலாவதிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே சுழல்வதால், அடுத்தது எந்தக் கோணத்தில் இருந்தாலும் பாதியைத்தான் எடுக்கும். ஒளி முதலில் நுழையும் ஃபில்டரை மட்டும் தலைகீழாப் பிடிச்சுத் திருப்புங்க.

ஷட்டர்மணி:
கறுத்துப் போச்சு! நல்லவேளை, திருப்பிக் கொடுக்கக் கிளம்பியிருந்தேன்.

இருட்டறைவாசி:
எல்இடி வைத்தாச்சு. உச்சம் 88, 45-ல் 46, 60-ல் 26, 90-ல் 5. பல்பில்லாமலே 4 இருந்ததால், கசிவு 1 தான்.

சுழல்தட்டு:
சரி, வர்க்கம்தான், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு ஹீலியம்-நியான் லேசரில் கோணத்தைத் தொடாமலே ரீடிங் ஏறி இறங்குதே?

பழைய வாத்தியார்:
குழாய் சூடேறும்வரை அதன் தளவிளைவு ஒரு நிலையில் நிற்காது. அரைமணி விட்டுப் பாருங்க.

சுழல்தட்டு:
ஒரு மணி நேரம் விட்டேன் சார். குறைஞ்சிருக்கு, நிற்கலை.