துருசடியோ துரவடியோ? பழைய அருவிவெட்டுப் பாட்டில ஒரு சொல் பிடிபடேல்ல

அம்மம்மா பாடின அருவிவெட்டுப் பாட்டு ஒண்டை பழைய கசெற்றில இருந்து கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறன், நெடுங்கேணிப் பக்கத்தில பதிஞ்சது, ஒரு சொல்லில நிக்குது. "து...டியில நாரை நிக்க" எண்டு வரும், நடுவில உள்ள எழுத்துகள் தெளிவில்லை.

Audacity-ல Change Tempo போட்டு சுருதி மாறாமல் வேகத்தைக் குறைச்சு, அந்த வரியை மட்டும் திருப்பித் திருப்பி ஓடவிட்டுக் கேட்டிட்டன். அம்மம்மா பாடேக்க துருசடி மாதிரி, பின்னால பெண்டுகள் திருப்பிப் பாடேக்க துரவடி மாதிரி. தேஞ்ச நாடாவில மேல்சத்தம் போயிடும், ‘ச’வின்ர சீறல் முதல்ல அழியும், அதால துரவு எண்டு கேக்கிறதை அப்பிடியே நம்பேலாது. தாளமும் உதவாது, ரெண்டும் நாலு குறில்தான். பொருளும் அப்பிடித்தான், நாரை குளத்துத் தண்ணி திறந்துவிடுற துருசடியிலயும் நிக்கும், கிணறு மாதிரித் தோண்டின துரவடியிலயும் நிக்கும்.

இப்போதைக்கு ரெண்டையும் நேரத்தோட குறிச்சு கேள்விக்குறி போட்டிருக்கிறன், திரும்ப வாற வரியையும் சுருக்காமல் கேட்டமாதிரியே எழுதியிருக்கு. ‘நிண்டு’வை ‘நின்று’ ஆக்க மாட்டன்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து வயலில இந்த வரியைப் பாடிக் கேட்ட ஆக்கள், உங்கட ஊரில என்ன சொல் பாடுவினம்?