கேண்டில் முடிந்த பிறகே சிக்னல் தருகிறேன், ஆனாலும் எம்.ஏ.சி.டி. கோடு சார்ட்டோடு ஒத்துப்போகவில்லை

குறிஞ்சிமலர்:
பைனான்ஸின் `btcusdt@kline_15m` ஓடையிலிருந்து வரும் விலையை வைத்து எம்.ஏ.சி.டி. கணக்கிடுகிறேன். முதலில் கேண்டில் பாதியில் இருக்கும்போதே சிக்னல் வந்து, முடிவதற்குள் மறைந்தும் போனது. `x` உண்மையாகும்போது மட்டும் சோதிக்கும்படி மாற்றினேன். இப்போது சிக்னல் சரியான நேரத்தில் வருகிறது, ஆனால் எண் தவறு. சார்ட்டில் கோடு ஏறிக்கொண்டிருக்க, என்னுடையது பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கிறது. இரண்டு நாட்களாகப் பார்க்கிறேன், பிழை பிடிபடவில்லை.

```python
def on_msg(k):
    global e12, e26
    c = float(k["c"])
    e12 += (c - e12) * 2/13
    e26 += (c - e26) * 2/27
    if k["x"]:
        check(e12 - e26)
```

தென்கரை வாசு:
ஓடையை விட்டுவிடுங்கள். கேண்டில் முடிந்ததும் பழைய கேண்டில்களை மொத்தமாக வாங்கி, கடைசி வரிக்கு முந்திய வரியில் கணக்கிடுங்கள். நான் 26 கேண்டில் மட்டுமே எடுக்கிறேன், போதுமானதாக இருக்கிறது.

ஆலமரம்:
கடைசி வரியை ஒதுக்கச் சொன்னது சரி, அது இன்னும் முடியாத கேண்டில். ஆனால் 26 போதாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குறிஞ்சிமலர், `x` சோதனையைச் சிக்னலுக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். சராசரியோ ஒவ்வொரு செய்திக்கும் நகர்ந்துவிடுகிறது. இந்த ஓடை சுமார் இரண்டு வினாடிக்கு ஒரு செய்தி அனுப்பும். அப்படியானால் ஒரு 15 நிமிடக் கேண்டிலுக்குள் ஏறக்குறைய 450 முறை நகர்த்துகிறீர்கள். 12 கேண்டில் சராசரி என்று நீங்கள் நினைப்பது, உண்மையில் 12 செய்திகளின் சராசரி.

சிறிய எண்களில் போட்டுப் பாருங்கள். `e12` 100, `e26` 98, எம்.ஏ.சி.டி. 2. விலை 104 என்று ஒரு செய்தி வந்தால் எம்.ஏ.சி.டி. 2.17 ஆகும், அது சரியான விடை. அதே 104 ஒரு நிமிடம் அசையாமல் நின்று 30 செய்திகளாக வந்தால் உங்கள் நிரலில் `e12` 103.97, `e26` 103.40, எம்.ஏ.சி.டி. வெறும் 0.57. இரண்டு சராசரிகளும் விலையைத் துரத்திப் பிடித்துவிடுவதால்தான் கோடு பூஜ்யத்தை ஒட்டிக்கொள்கிறது.

முடிந்த கேண்டிலின் மதிப்புகளைத் தொடாமல் வைத்திருங்கள். ஓடும் கேண்டிலுக்கு ஒவ்வொரு முறையும் அவற்றிலிருந்தே புதிதாகக் கணக்கிடுங்கள், `x` வந்தால் மட்டும் சேமியுங்கள்.

```python
def on_msg(k):
    global e12, e26, sig, prev
    c = float(k["c"])
    f = e12 + (c - e12) * 2/13
    s = e26 + (c - e26) * 2/27
    g = sig + (f - s - sig) * 2/10
    d = f - s - g
    if not k["x"]:
        return
    if prev <= 0 < d:
        alert(k["T"])
    e12, e26, sig, prev = f, s, g, d
```

திரையில் ஓடும் மதிப்பு வேண்டுமானால் `return` வரிக்கு முன்னால் `d`-ஐக் காட்டலாம். அதைச் சேமிக்காத வரை கெடுதல் இல்லை.

நெய்தல்:
என் நிலைமை வேறு. இந்தியப் பங்குகளுக்கு எனக்கு வருவது வெறும் விலை மட்டுமே, முடிந்தது என்று சொல்லும் `x` கிடையாது. அடுத்த கேண்டிலின் முதல் விலை வரும்போது முந்தியதை மூடுகிறேன். 3.15-க்குத் தொடங்கும் கடைசிக் கேண்டில் மட்டும் மூடுவதே இல்லை.

ஆலமரம்:
3.30-க்குப் பிறகு விலை வராதல்லவா, அதனால்தான். விலையோடு கடிகாரத்தையும் பாருங்கள்: முடிவு நேரம் கடந்து சில வினாடிகள் ஆனால் மூடிவிடலாம். வியாபாரம் குறைந்த பங்குகளுக்கும் இது தேவைப்படும், அடுத்த விலை வரவே பல நிமிடங்கள் ஆகலாம்.

குறிஞ்சிமலர்:
மிக்க நன்றி, ஐயா. கோடு இப்போது சார்ட்டின் வடிவத்திலேயே நகர்கிறது. ஆனால் தொடக்கத்தில் கொஞ்சம் விலகல் இருந்தது, கேண்டில் முடிய முடியக் குறைந்துகொண்டே வந்தது. தொடக்க மதிப்புக்கு 30 கேண்டில் எடுத்தேன்.

ஆலமரம்:
குறைந்துகொண்டே வரும் விலகல் என்றால் குற்றம் தொடக்க மதிப்பில் இருக்கிறது. கணக்கிடும் முறை தவறாக இருந்தால் விலகல் தீராது. 30 கேண்டிலுக்குப் பிறகும் முதல் மதிப்பின் பத்தில் ஒரு பங்கு 26-இன் சராசரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாசுவின் 26-இல் இன்னும் அதிகம். 500 எடுங்கள். கடைசி வரியையும் நீக்கினீர்களா? இல்லையென்றால், ஓடும் கேண்டில் தொடக்கத்தில் ஒரு முறை, `x` வரும்போது மறுபடி ஒரு முறை என இருமுறை சேரும்.

குறிஞ்சிமலர்:
நீக்கவில்லை! `rows[:-1]` போட்டு, 500 கேண்டிலோடு மறுபடி ஓட்டினேன். நான்கு கேண்டில்களாக இரண்டு தசம இடம் வரை ஒத்துப்போகிறது.

இன்னொன்று கேட்கிறேன். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணைப்பை அவர்களே துண்டிக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு கேண்டில் முடிந்துவிட்டால்?

ஆலமரம்:
விடுபட்டதை வாங்கி, `t` நேர வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்த்த `t` மறுபடி வந்தால் தள்ளுங்கள். விடுபட்ட கேண்டிலில் சிக்னல் இருந்திருந்தால் நான் அதை விட்டுவிடுவேன், விலை நகர்ந்திருக்கும்.

தென்கரை வாசு:
நான் விடமாட்டேன். ஒரு நிமிடத் தாமதம் 15 நிமிடக் கேண்டிலுக்குப் பெரிதல்ல. தாமதம் என்று குறித்து அனுப்பினால் முடிவைப் பயனர் எடுத்துக்கொள்வார்.