பன்னிரண்டரை மணிப் பரீட்சைக்கு எந்த ஷிஃப்ட்?

(பாளையங்கோட்டைக் குடும்பக் குழு)

முத்துக்குமார், துபாய்: செல்வி அக்கா, சி.ஏ. ஃபைனல் குரூப் 1 ஃபாரம் போடப் போகிறேன். ஹோட்டலில் எனக்கு வாரா வாரம் டியூட்டி மாறுகிறது. காலை 7-3, மாலை 3-11, இரவு 11-7. பரீட்சைக்கு முந்தின வாரங்களில் எதைக் கேட்டு வாங்கட்டும்?

பேச்சி சித்தி: இங்கே 2 மணிக்குப் பரீட்சை என்றால் அங்கே மூன்றரை ஆகியிருக்குமே. காலை டியூட்டி முடித்துவிட்டே போகலாமே மக்கா.

செல்வி: சித்தி, அவன் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறான். இங்கே 2 மணி ஆகும்போது அங்கே 12.30. நான் மஸ்கட்டில் எழுதினபோதும் அதே 12.30 தான். 12.15க்கே வினாத்தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள், 3.30க்கு முடியும். காலை டியூட்டியும் இடிக்கும், மாலை டியூட்டியும் இடிக்கும்.

முத்துக்குமார்: அதனால்தான் இரவு டியூட்டியிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். பகல் முழுவதும் நமக்குத்தானே.

செல்வி: தம்பி, அதுதான் ஆபத்து. இரவு வாரத்தில் எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்?

முத்துக்குமார்: 8.30க்குப் படுத்தால் மூன்று, மூன்றரைக்கு எழுவேன்.

செல்வி: அப்போது 12.30 உனக்கு நடுராத்திரி. அந்த வாரத்தில் மாதிரித் தேர்வு ஏதாவது எழுதிப் பார்த்தாயா?

முத்துக்குமார்: லீவு நாளில் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் எழுதினேன். 30 மார்க் கொள்குறி நன்றாகப் போனது. கடைசி ஒரு மணி நேரம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கன்சாலிடேஷன் கணக்கில் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப் போயிருந்தது.

செல்வி: அது தெரியாமல் போன பிழை இல்லை, தூக்கம் செய்த வேலை. அதே கணக்கை மாலையில் போட்டுப் பார், சரியாக வரும்.

ஐயப்பன் மாமா: எதற்கு இந்த அல்லாட்டம்? துபாய்ச் சட்டத்தில் படிப்புக்கு வருஷம் 10 நாள் லீவு உண்டு. அதைக் கேள் மாப்பிள்ளை.

செல்வி: சட்டம் இருக்கிறது மாமா. ஆனால் இரண்டு வருஷ சர்வீஸ் வேண்டும், படிப்பும் அந்த நாட்டு அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் இருக்க வேண்டும். நம் இன்ஸ்டிட்யூட் பரீட்சைக்கு அது செல்லும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம். முத்து, வருஷ லீவிலிருந்து எடு. முதல் பேப்பருக்கு ஒரு வாரம் முன்னாலேயே தொடங்கட்டும். பேப்பர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், நடுவில் டியூட்டி போனால் தாங்காது.

முத்துக்குமார்: லீவுக்கு முந்தின இரண்டு வாரம்?

செல்வி: மாலை டியூட்டி. 11க்கு முடித்து 12.30க்குப் படு, 7.30க்கு எழு. 8 மணியிலிருந்து 2 வரை உன் நேரம். மாதிரித் தேர்வை 10.30க்குத் தொடங்கினால் 1.30க்கு முடிந்துவிடும், சாப்பிட்டு டியூட்டிக்குப் போகலாம். லீவு நாளில் மட்டும் சரியாக 12.30க்கு எழுது, பேனாவால். நீ தினமும் கீபோர்டில் தட்டுகிறவன், மூன்று மணி நேரம் எழுத விரலுக்குப் பழக்கம் வேண்டும்.

முத்துக்குமார்: அப்படியானால் என் இரவு டியூட்டியை யாராவது ஏற்க வேண்டும்.

செல்வி: முந்தின மாதம் அவர்களுடைய இரவுகளை நீ எடுத்துக்கொள். இப்போதே பேசி, மேனேஜரிடம் எழுத்தில் வாங்கு.

முத்துக்குமார்: அந்த இரவு வாரங்களில் வகுப்பு? காலை பேட்ச் நம் ஊர் 7 மணிக்கு, இங்கே 5.30. அப்போதுதான் நாள் கணக்கை மூடி ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருப்பேன்.

செல்வி: மாலை 6.30 பேட்ச்சுக்கு மாறு, உனக்கு 5 மணி. காலை, இரவு இரண்டு வாரத்திலும் உட்காரலாம். மாலை டியூட்டி வாரத்துக்கு மட்டும் ரெக்கார்டிங். எத்தனை தடவை பார்க்கலாம் என்று வரம்பு வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்.

பேச்சி சித்தி: எங்கள் சங்கர் அயர்லாந்தில் நர்ஸ். இரவு டியூட்டி என்றால் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிவிடுவான். ஆனால் நான் போன் போட்டால் எடுத்துவிடுவான், பாவம்.

செல்வி: நல்லதைச் சொன்னீர்கள் சித்தி. நம் ஊரில் காலை 10 மணி என்றால் முத்து அப்போதுதான் கண்ணை மூடுகிறான். இரவு வாரத்தில் மாலை 5.30க்கு முன்னால் யாரும் கூப்பிட வேண்டாம்.

ஐயப்பன் மாமா: பேசாமல் நெல்லை மையத்திலேயே எழுதட்டுமே. பரீட்சை ஃபீஸ் அங்கே 325 டாலர், இங்கே 1,800 ரூபாய்தான்.

முத்துக்குமார்: விமான டிக்கெட்டைச் சேர்த்தால் மிச்சம் அவ்வளவு இல்லை மாமா. ஆனால் அம்மா சமையல், தூக்கம் இரண்டும் கிடைக்கும். லீவு எத்தனை நாள் தருவார்கள் என்று தெரியாமல் மையத்தைக் குறிக்க முடியவில்லை.

செல்வி: கடைசி நாள் வரை இழுக்காதே. மேனேஜர் பதில் சொன்னதும் இங்கே போடு.

முத்துக்குமார்: சரி அக்கா. நாளை காலை டியூட்டி, நேரில் கேட்கிறேன்.