புதுப்பிப்பு: ஸ்லைடு வரியைப் பேச்சாக்கியது

முன்பு நான் கேட்டிருந்தது: '"மேட்டூர் திறப்பு தாமதம் – குறுவைப் பரப்பு குறைவு." இந்த மாதிரி வரியைப் பொருள் மாறாமல் எப்படிப் பேசுவது?'

எல்லோருக்கும் நன்றி. திருவாரூர் பக்கம் உழவர் கூட்டத்தில் பேசியாச்சு.

கைகொடுத்தது மன்னார்குடி அக்கா சொன்னது: "வரி நடுவில் கோடு வந்ததும் 'ஆல்' போடாதே." என் வரைவில் 'தாமதமானதால் குறைந்தது' என்றிருந்தது. அந்தக் காரணம் நான் சேர்த்தது.

'எல்லாக் கோட்டுக்கும் உம் போடு' என்ற தம்பி சொன்னது பாதி சரி. 'விதைநேர்த்தி – நோய் குறைவு' வரியில் காரணத்தையே சொல்ல வந்ததாக ஸ்லைடு எழுதியவர் சொன்னார். அங்கே 'உம்' போட்டால் பொருள் போய்விடும்.

எதிர்பாராதது: 'குறைவு' என்பதில் காலமே இல்லை. ஸ்லைடு எழுதியவரைக் கேட்டால், அது மதிப்பீடாம். அதனால் 'திறப்பு தாமதமாகியிருக்கிறது. குறுவைப் பரப்பும் குறையும் என மதிப்பிடுகிறார்கள்' என்றேன். அப்படியும் ஒருவர், "அப்போ தாமதந்தானே காரணம்?" என்றார். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.