விலையைத் தினமும் பார்க்கிறவர்கள், பார்க்காதவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்கு எழுதுகிறவன் நான். இபிஎஃப் பணம் இன்றைக்கு ஏறியதா இறங்கியதா என்று கேட்டு ஒருவர்கூட என் மேசைக்கு வந்ததில்லை. அதே ஆட்கள் யூனிட் டிரஸ்டில் கொஞ்சம் பணம் போட்டுவிட்டால், பசியாறும்போதுகூடக் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை.

இபிஎஃப் வாரியமும் தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பங்குச் சந்தையில்தான் வைத்திருக்கிறது. அந்தப் பங்குகளும் தினமும் ஏறி இறங்கத்தான் செய்கின்றன. ஆனால் நமக்குத் தெரிவது ஆண்டுக்கு ஒரே எண். உலகச் சந்தைகள் சரிந்த 2008ஆம் ஆண்டுக்கு 4.50 விழுக்காடு, 2020ஆம் ஆண்டுக்கு 5.20 விழுக்காடு லாப ஈவு வந்தது. கொஞ்சம் குறைவுதான் என்று பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் இங்குள்ள செம்பனை ஆலையில் டெக்னீஷியன், எனக்குத் தம்பி முறை. அவர் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். 2020 தொடக்கத்தில் உள்ளூர்ப் பங்குகளில் முதலிடும் ஒரு யூனிட் டிரஸ்டில் அவரிடம் 30,000 யூனிட் இருந்தது. ஒன்றின் விலை 60 சென். மொத்தம் 18,000 ரிங்கிட். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மறுநாள் நமது சந்தைக் குறியீடு 1,220 புள்ளியில் முடிந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 1,590க்குப் பக்கத்தில் இருந்த குறியீடு அது. தம்பி ஒவ்வொரு நாளும் விலையைப் பார்த்தார். 46 சென்னுக்கு வந்தபோது அத்தனையையும் விற்று, கையில் வந்த 13,800 ரிங்கிட்டை நிரந்தர வைப்பில் போட்டார். ஜூலைக் கடைசியில் குறியீடு மீண்டும் 1,600க்கு வந்தது, யூனிட்டும் 60 சென்னுக்குத் திரும்பியது. ஆகஸ்டில் அதே யூனிட் டிரஸ்டுக்குத் திரும்பினார். மூன்று விழுக்காடு விற்பனைக் கட்டணம் போக அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 22,300 யூனிட்.

விலை பழைய இடத்தில், யூனிட் மட்டும் 7,700 குறைவு. அந்த ஆறு மாதத்தில் அவருக்குப் பணத்தேவை எதுவும் வரவில்லை, ஆலையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தினசரி விலை கண்ணில் படாமல் இருந்திருந்தால் அவர் விற்றிருக்கவே மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம். மற்றவர்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது சரி?

பாகான் செராய்க்காரர்

கிராணி ஐயா சொல்வது முழுக்கச் சரி. இபிஎஃப் குறையவே குறையாது, அரசாங்கம் பொறுப்பேற்கிறது, அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. பங்கு அப்படியில்லை. என் மாமா ஒருவர் வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து வருடம் திரும்பிப் பார்க்கவில்லை, இன்று நன்றாக இருக்கிறார். ஆகவே என் முடிவு: வாங்கியதும் மறந்துவிட வேண்டும், பார்க்கவே கூடாது.

ஈப்போ கணக்காளர்

அண்ணன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வழக்கமான இபிஎஃப் சேமிப்புக்குக் குறைந்தபட்சம் 2.5 விழுக்காடு லாப ஈவு சட்டப்படி உண்டு. அது யூனிட் டிரஸ்டுக்குக் கிடையாது. ஆனால் மனம் அமைதியாக இருப்பதற்கு அந்த உத்தரவாதம் மட்டும் காரணமில்லை. காட்டப்படும் இடைவெளியும் காரணம்.

நான் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் காட்டும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு முதலீடு சராசரியாக ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்கிறது, ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 15 விழுக்காடு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்த்தால் நூறு நாளில் ஏறக்குறைய 51 நாள் பச்சை, 49 நாள் சிவப்பு. மாதம் ஒருமுறை பார்த்தால் நூற்றுக்கு 55 முறை பச்சை. ஆண்டுக்கு ஒருமுறை என்றால் 68 முறை. முதலீடு ஒன்றே, பார்க்கும் இடைவெளிதான் வேறு.

நூறு ரிங்கிட் நட்டத்தின் வலி, நூறு ரிங்கிட் லாபத்தின் மகிழ்ச்சியைப் போல் சுமார் இரண்டு மடங்கு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் தினமும் பார்க்கிறவர், நல்ல முதலீட்டை வைத்துக்கொண்டே ஆண்டு முழுவதும் நட்டப்பட்ட மனநிலையில் வாழ்கிறார். விற்றுவிடு என்று அந்த மனநிலைதான் சொல்கிறது. தேலர், ட்வெர்ஸ்கி, கானமன் முதலானோர் 1997இல் வெளியிட்ட சோதனையில் இதைத்தான் பார்த்தார்கள். ஒரே மாதிரியான பங்கு, கடன்பத்திர நிதிகளைக் கொடுத்தபோது, அடிக்கடி முடிவைப் பார்த்தவர்கள் பங்கில் குறைவாகவே போட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தவர்கள் அதிகம் போட்டார்கள், அதிகம் சம்பாதித்தார்கள்.

பத்து வருடம் பார்க்கவே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தப் பத்து வருடத்தில் உங்கள் வயதும் தேவையும் மாறியிருக்கும்.

கோலகங்சார் அக்கா

மன்னிக்கவும், எனக்கு இந்தப் பேச்சே பயமாக இருக்கிறது. நான் கணக்கைப் பார்த்ததால்தான் தப்பித்தேன். என்னிடம் கேட்காமலேயே ஏஜெண்டு என் பணத்தை ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தார். அதற்குக் கட்டணமும் பிடித்திருந்தார்கள். அறிக்கையை வாசித்ததால் கண்டுபிடித்தேன், புகார் கொடுத்தேன், கட்டணம் திரும்பி வந்தது. பார்க்காதே என்று பெண்களுக்குச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே பாதி வீடுகளில் பணம் எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாது.

தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

அக்கா, நீங்கள் செய்தது மிகவும் சரி. அதை யாரும் விட்டுவிடக் கூடாது. நான் தவிர்க்கச் சொல்வது விலையை. நீங்கள் பார்த்தது நடவடிக்கையை: யார் விற்றார், யார் மாற்றினார், என்ன பிடித்தார்கள், யூனிட் எண்ணிக்கை சரியா. இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். பணம் நகர்ந்தால் உடனே குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும்படி பதிந்து வைத்துக்கொண்டால், விலையைத் திறக்காமலேயே காவல் இருக்கலாம்.

இபிஎஃபிலும் இதே கதைதான். லாப ஈவை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும், ஆனால் முதலாளி பங்களிப்பைக் கட்டினாரா என்பதை அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்கான பங்களிப்பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சிறு குத்தகையாளர்களிடம் வேலை செய்கிற சிலருக்கு மாதக்கணக்கில் கட்டப்படாமல் இருந்ததை அவர்களின் அறிக்கையில் நானே பார்த்திருக்கிறேன். சம்பளச் சீட்டில் பணம் பிடித்ததாக இருக்கும், கணக்கில் அந்த மாதம் இருக்காது.

கிள்ளான் தம்பி

நான் கையுறை நிறுவனப் பங்குகளை 2020இல் கடன் வசதிக் கணக்கில் வாங்கினேன். பங்கு விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் புரோக்கர் கூடுதல் பணம் கேட்பார், கொடுக்காவிட்டால் அவரே விற்றுவிடுவார். என்னைப் போன்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது எப்படி? நீங்கள் சொல்வது யூனிட் டிரஸ்ட் ஆட்களுக்கு மட்டும்தானே?

ஈப்போ கணக்காளர்

தம்பி, கடன் வாங்கிப் பங்கு வைத்திருக்கிறவர் தினமும் பார்த்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. அதனால்தான் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம் என்கிறேன். கடனில்லாமல் தனிப் பங்கு வைத்திருந்தால் வேறு. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் கணக்கை வெளியிட வேண்டும். அதை வாசியுங்கள்: விற்பனை, கடன், கையிருப்புப் பணம். விலை அதில் கடைசியாக வரட்டும்.

கிராணி ஐயா கேட்ட இடைவெளிக்கு என் பதில் இது. சம்பளம் வந்த மறுநாள் ஒரு தொகை தானாகவே முதலீட்டுக்குப் போகட்டும், அன்று விலையைப் பார்க்க வேண்டாம். காலாண்டுக்கு ஒருமுறை கோலகங்சார் அக்கா செய்தது போல அறிக்கையை வாசியுங்கள். அன்று வாங்குவது விற்பது எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், உட்கார்ந்து முடிவெடுங்கள். இபிஎஃப் லாப ஈவு அறிவிப்பும் வந்திருக்கும், வருமான வரிக்காகத் தாள்களும் எப்படியும் மேசைமேல் இருக்கும்.

அன்று செய்ய வேண்டியது ஒரே கணக்கு. பங்கில் 60, வைப்பில் 40 என்பது உங்கள் திட்டம், 40,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைப்போம். 24,000 பங்கு, 16,000 வைப்பு. பங்கு 20 விழுக்காடு விழுந்தால் 19,200 ஆகும், மொத்தம் 35,200. பங்கின் அளவு இப்போது 54.5 விழுக்காடு. ஐந்து விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் விலகினால் மட்டுமே கைவைப்பது என்று முன்பே எழுதி வைத்திருந்தால், இப்போது கைவைக்கலாம்: வைப்பிலிருந்து 1,920 ரிங்கிட்டைப் பங்குக்கு மாற்றினால் மீண்டும் 60. மாற்ற மனமில்லை என்றால், மாதம் போடும் 300 ரிங்கிட்டைக் கொஞ்ச காலம் பங்குப் பக்கமே போகவிடுங்கள். இரண்டே மாதத்தில் 55க்கு மேல் வந்துவிடும், 60ஐத் தொட ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆலைத் தம்பி அந்த மார்ச்சில் செய்தது இதற்கு நேர் எதிரானது.

பாகான் செராய்க்காரர்

தங்கச்சி, கணக்கு புரிகிறது. ஆனால் என் வயது 53. 55இல் பணத்தை எடுத்து வீட்டுக் கடனை அடைக்கப் போகிறேன். விழுந்தபோது இன்னும் பங்கில் போடு என்றால் எனக்குக் கை வராது.

ஈப்போ கணக்காளர்

உங்களுக்கு அது பொருந்தாது அண்ணன். இரண்டு மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருக்கவே கூடாது. கடனுக்கான தொகையை இப்போதே வைப்புக்கு நகர்த்துங்கள். மீதிக்குத்தான் மார்ச் கணக்கு. வேலை போனாலும், கல்யாணம் வந்தாலும், வீடு வாங்கினாலும் மார்ச்சுக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வாழ்க்கை மாறினால் பாருங்கள், சந்தை மாறியதற்காகப் பார்க்க வேண்டாம்.

கோலகங்சார் அக்கா

ஆண்டுக்கு ஒருமுறை என்பது எனக்கு இன்னும் அதிக இடைவெளியாகத்தான் படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப் போகிறேன்.

தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

ஆறு மாதம் தவறில்லை அக்கா, பார்க்கும் தேதியையும் எத்தனை புள்ளி விலகினால் மாற்றுவீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். ஆலைத் தம்பி விலை காட்டும் செயலியை நீக்கிவிட்டார். அறிக்கை மட்டும் மின்னஞ்சலில் வருகிறது. அடுத்த சரிவில் அவர் எப்படி இருந்தார் என்று அவரே இங்கே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.