கட்டிடத்தை வெட்ட பாலிகன் போதுமா, பென்தானா?

ஐந்துரோடு பிளெக்ஸ்: ஏற்காட்டில் ஒரு பழைய ஓட்டு வீடு. தூரத்திலிருந்து ஜூம் பண்ணி எடுத்த படம். பின்னால் வெளுத்த பனிமூட்டம். 10 அடி பிளெக்ஸுக்கு வானத்தை மாற்ற வேண்டும். போட்டோஷாப்பில் பாலிகன் லாஸோ வைத்து மூலைக்கு மூலை கிளிக் செய்து வெட்டினேன். மூலைகள் சரியாக இருக்கின்றன, கூரை உச்சியின் நடுவில் மட்டும் வெள்ளைக் கீற்று நிற்கிறது. பென் டூல்தான் வழியா?

கடைவீதி முருகு: பென் எல்லாம் வேண்டாம். கட்டிடம் என்றாலே நேர்கோடு, அதற்குத்தான் பாலிகன். Feather 2 வைத்தால் கீற்று மறைந்துவிடும். லென்ஸ் கோட்டை வளைத்திருக்கும், அவ்வளவுதான்.

அரிசிப்பாளையம்: நான் பழைய கார் விற்கிறவர்களுக்குப் படம் வெட்டுகிறேன். சாதா லாஸோதான், பேனா டேப்லெட்டில் ஒரே இழுப்பு. காருக்கு நன்றாகவே வருகிறதே?

மலையடிவாரம்: கார் படம் போனில் விரல் அளவு தெரியும், கை நடுங்கியது தெரியாது. பிளெக்ஸில் ஓரம் முழுக்க அலை அலையாகத் தெரியும்.

முருகு, Feather 2 கீற்றை மறைக்காது, மங்கலாக்கும். கூடவே ஓட்டு முனைகளும் கரைந்துவிடும். அப்புறம் லென்ஸ் விஷயம். அகலக் கோண லென்ஸ் என்றால் மேல் ஓரம் மேல்நோக்கிப் புடைக்கும். மூலைக்கு மூலை நேராக வெட்டினால் ஓடுதான் வெட்டுப்படும், வானம் மிஞ்சாது. இவருக்கு வானம் மிஞ்சியிருக்கிறது. அப்படியானால் உச்சி கீழே தொய்ந்திருக்கிறது. உத்திரம் இறங்கிய பழைய வீடாக இருக்கலாம்.

கடைவீதி முருகு: ஜூமில் எடுத்தது என்கிறாரே. ஜூம் லென்ஸ் உள்பக்கமாக வளைக்குமே?

மலையடிவாரம்: அதுவும் நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். படத்தின் பக்க ஓரத்தில் உள்ள தூணைப் பாருங்கள். அதுவும் உள்ளே வளைந்திருந்தால் லென்ஸ். தூண் நேராக நின்று உச்சி மட்டும் தொய்ந்திருந்தால் வீடு.

எதுவானாலும் பென்னில் ஒரே வேலைதான். இடது மூலையில் ஒரு கிளிக். வலது மூலையில் அழுத்தியபடி இழுத்தால் கோடு வளையும், ஓட்டோடு ஒட்டும்வரை இழுங்கள். புள்ளிகளை விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் பனியின் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரும். சுற்றி முடித்ததும் Work Path-ஐ இரட்டை கிளிக் செய்து பெயர் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பாதை வரையும்போது போய்விடும். அப்படி ஒருமுறை இரண்டு மணி நேர வேலையைத் தொலைத்திருக்கிறேன். பிறகு Ctrl+Enter அழுத்தினால் பாதை செலக்‌ஷனாக மாறும்.

கடைவீதி முருகு: அதே உச்சியில் பாலிகனில் நடுவே நாலு கிளிக் கூட்டினால் முடிந்தது. பிளெக்ஸை 20 அடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள்.

மலையடிவாரம்: வரும். ஆனால் ஒரு கிளிக் தவறினால் Backspace-இல் கடைசியிலிருந்துதான் ஒவ்வொன்றாக அழிக்க முடியும். பென்னில் அந்தப் புள்ளியை மட்டும் நகர்த்தலாம்.

ஐந்துரோடு பிளெக்ஸ்: தூண் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் அது படத்தின் நடுவில் இருக்கிறது, ஓரத்தில் எதுவும் இல்லை. சரி, பென்னில் உச்சியை மட்டும் வரைந்து பார்க்கிறேன்.